யானையைக் கொடுத்துக் குதிரை வாங்கலாமா?

2000-ஆம் ஆண்டு போஸ்னியாவின் சராயேவோ நகரில் நடந்த செஸ் போட்டி. வெள்ளைக் காய்களுடன் செர்கெய் மோவ்செசியான், கறுப்புக் காய்களுடன் அன்றைய உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவ். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டு நகர்த்தல்கள் முடிந்திருந்தன. இரு தரப்பிலும் எல்லாக் காய்களும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. பதின்மூன்றாவது நகர்த்தலில் காஸ்பரோவ் தன் யானையை எடுத்து, c3 கட்டத்தில் நின்ற வெள்ளைக் குதிரையை வெட்டினார். அந்தக் குதிரைக்கு b2 சிப்பாயின் காவல் இருந்தது. வெட்டினால் அடுத்த நொடியே யானை போய்விடும் என்பது பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வெட்டினார். பத்தொன்பது நகர்த்தல்கள் கழித்து மோவ்செசியான் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

செஸ் கற்றுக்கொள்ளும் முதல் வாரத்திலேயே நமக்கு ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப் எனப்படும் மந்திரிக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9. இந்தக் கணக்கின்படி யானையைக் கொடுத்துக் குதிரையையோ மந்திரியையோ வாங்கினால் இரண்டு புள்ளி நஷ்டம். கூடவே ஒரு சிப்பாய் கிடைத்தாலும் ஒரு புள்ளி நஷ்டம். இதைத்தான் ஆட்டக்காரர்கள் 'எக்ஸ்சேஞ்ச் தியாகம்' என்கிறார்கள். கணக்கில் நஷ்டமாகத் தெரியும் இந்த வியாபாரம் எப்போது லாபமாகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தக் கணக்கையே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். 1999-இல் அமெரிக்க ஆட்டக்காரர் லாரி காஃப்மன், வலுவான ஆட்டக்காரர்கள் ஆடிய ஏராளமான ஆட்டங்களைத் தொகுத்து, எந்தக் காய்க்கு உண்மையில் என்ன மதிப்பு என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவர் கண்டபடி குதிரையும் மந்திரியும் 3 அல்ல, மூன்றேகால். யானை அதே 5. ஆகவே யானைக்கும் சிறிய காய்க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சிப்பாய் அல்ல, ஒன்றே முக்கால் சிப்பாய்தான். ஒரு சிப்பாய் கைக்கு வந்துவிட்டால் மிச்சக் குறை முக்கால். இதோடு நிற்கவில்லை. ஒருவரிடம் இரண்டு மந்திரிகளும் இருந்து, எதிராளியிடம் அந்த ஜோடி இல்லாமல் போனால், ஜோடிக்கென்று தனியாக அரைச் சிப்பாய் மதிப்பு உண்டு என்றும் அவர் கண்டார். அதையும் கழித்தால் குறை வெறும் கால் சிப்பாய். செஸ் பலகையில் கால் சிப்பாய் என்பது ஒரு குதிரை நல்ல கட்டத்தில் நிற்பதாலேயே ஈடாகிவிடும் அளவுதான்.

ஆனால் இவை சராசரிகள். ஒரு குறிப்பிட்ட நிலையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சராசரி உதவாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பலகையில், இந்த நேரத்தில், எதிராளியின் யானைக்கு வேலை இருக்கிறதா?

யானையின் பலம் நேர்க்கோட்டில் இருக்கிறது. முன்னால் சிப்பாய் இல்லாத நெடுவரிசை கிடைத்தால் அது பலகையின் மறுமுனை வரை ஆளும். சிப்பாய்கள் அடைத்துக்கொண்டு நின்றால், முட்டுச்சந்தில் மாட்டிய லாரி மாதிரி நிற்க வேண்டியதுதான். குதிரைக்கு அந்தத் தொல்லை இல்லை; அது தாண்டிப் போகும். மந்திரி மூலைவிட்டமாகப் போகும். ஆகவே நெடுவரிசைகள் அடைபட்டிருக்கும்வரை யானை ஐந்து புள்ளிக் காய் அல்ல. எப்போது நெடுவரிசை திறக்கிறதோ அப்போதுதான் அது தன் முழு மதிப்பைப் பெறும். பெரும்பாலான ஆட்டங்களில் அது கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். யானையைக் கொடுப்பவர் உண்மையில் நேரத்தைத்தான் வாங்குகிறார். எதிராளியின் யானைகளுக்கு வேலை வருவதற்குள் தன் காரியத்தை முடித்துவிடலாம் என்பதே அவருடைய கணிப்பு.

இந்தத் தியாகம் மிக அதிகமாக நடக்கும் இடம் சிசிலியன் தற்காப்பு. அதில்தான் அதன் உள்வேலையைத் தெளிவாகப் பார்க்க முடியும். சிசிலியனில் கறுப்பின் c சிப்பாய், வெள்ளையின் d சிப்பாயோடு வெட்டுப்பட்டு ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. ஆகவே கறுப்புக்கு c நெடுவரிசை பாதி திறந்து கிடைக்கும். c8-இல் யானையை வைத்தால் அது நேராக c3-ஐப் பார்க்கும். அங்கே வெள்ளைக் குதிரை. அந்தக் குதிரைக்கு இரண்டு பொறுப்புகள்: நடுவிலுள்ள e4 சிப்பாயைக் காப்பது, ராஜாவின் முன்னே அரணாக நிற்பது. யானை குதிரையை வெட்டுகிறது. b2 சிப்பாய் யானையை வெட்டி c3-க்கு வருகிறது. வெள்ளை தன் f சிப்பாயை f4-க்கு நகர்த்தி வைத்திருந்தால், e4-ஐக் காக்க இனி எந்தச் சிப்பாயும் இல்லை. வேறு காய் காவலுக்கு இல்லையென்றால் f6-இல் இருக்கும் கறுப்புக் குதிரை e4-ஐத் தின்றுவிடும். யானைக்குப் பதில் குதிரையும் சிப்பாயும் என்ற கணக்கு இப்படித்தான் பிறக்கிறது.

கிடைத்த சிப்பாய் எது என்பது முக்கியம். ஓரத்தில் a சிப்பாய் ஒன்று கிடைப்பதும் e4 சிப்பாய் கிடைப்பதும் ஒன்றல்ல. e4 போனால் வெள்ளையின் நடுப்பகுதியே போய்விடுகிறது. அங்கே வந்து நிற்கும் குதிரை c3-இல் உள்ள சிப்பாயையும் மிரட்டும். அந்தச் சிப்பாயோ தன் இடத்தை விட்டு வந்த அனாதை. அதற்குப் பின்னால் c2-இல் இன்னொன்று நிற்கிறது. ஒரே நெடுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இந்த இரண்டும் ஒன்றையொன்று காக்க முடியாது. பக்கத்து b நெடுவரிசையில் சிப்பாய் இல்லை, d நெடுவரிசையிலும் இல்லை. ஆகவே அவற்றைக் காக்கும் வேலை பெரிய காய்களின் தலையில் விழுகிறது. வெள்ளையின் ராஜா அந்தப் பக்கமே காஸ்லிங் செய்திருந்தால், அவருடைய கூரையே பிய்ந்துவிட்டது என்று பொருள்.

இனி காஸ்பரோவ் ஆட்டத்துக்கு வரலாம். பலகை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோவ்செசியான் தன் f சிப்பாயை f4-க்கு அல்ல, f3-க்குத்தான் நகர்த்தியிருந்தார். ஆகவே e4-க்குச் சிப்பாய்க் காவல் இருந்தது. காஸ்பரோவுக்கு உடனடியாகச் சிப்பாய் கிடைக்கவில்லை. வெறும் குதிரைக்காகத்தான் யானையைக் கொடுத்தார். இதுவே இந்த ஆட்டத்தைப் படிக்கத் தகுந்ததாக்குகிறது, ஏனென்றால் அந்தச் சிப்பாய் எப்படிப் பின்னால் வந்து சேர்ந்தது என்பதில் முழுப் பாடமும் இருக்கிறது.

நிலை இதுதான். வெள்ளை ராஜா b1-இல். வெள்ளை யானைகள் d1, h1 கட்டங்களில். ராணி f2-இல். குதிரைகள் c3, d4-இல். மந்திரிகள் d3, e3-இல். g சிப்பாய் ஏற்கெனவே g4 வரை போய்விட்டது, கறுப்பு ராஜாவைத் தாக்கும் நோக்கத்தில். கறுப்புக்கு b7-இல் மந்திரி, b6-இலும் d7-இலும் குதிரைகள், c8-இல் யானை, ராஜா இன்னும் நடுவில் e8-இல். காஸ்பரோவ் யானையால் c3 குதிரையை வெட்டுகிறார். b சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. பிறகு ராணியை c7-க்குக் கொண்டுவந்து c3 சிப்பாயைக் குறிவைக்கிறார்.

இங்கே வெள்ளையின் முதல் சிரமம். d4-இல் பலகையின் நடுவே கம்பீரமாக நின்ற குதிரை, c3-ஐக் காக்க e2-க்குப் பின்வாங்குகிறது. ஒரு நல்ல காய் காவல்காரனாகிவிட்டது. அடுத்து வெள்ளை யானைகளைப் பாருங்கள். d1 யானைக்கு முன்னால் சொந்த மந்திரியே d3-இல் நிற்கிறது. h1 யானைக்கு முன்னால் சொந்த h சிப்பாய். இரண்டு யானைகள் இருந்தும் ஒன்றுக்கும் திறந்த நெடுவரிசை இல்லை. காஸ்பரோவிடம் மிச்சமிருப்பது ஒரே யானைதான், ஆனால் அடுத்த பத்து நகர்த்தல்களில் இந்த வித்தியாசம் பலகையில் தெரியவே இல்லை.

அவர் அவசரப்படவும் இல்லை. மந்திரியை e7-க்கு நகர்த்தி, ராஜாவை காஸ்லிங் செய்து g8-க்கு அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்கள் பாய்ந்துவரும் பக்கத்துக்கே ராஜாவை அனுப்பியது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளைத் தாக்குதல் வந்து சேர இன்னும் பல நகர்த்தல்கள் தேவை. கறுப்புத் தாக்குதலுக்கு எல்லாக் காய்களும் ஏற்கெனவே வழியில் நின்றன. b6 குதிரை a4-க்கு வந்து c3-ஐயும் b2-ஐயும் பிடித்துக்கொண்டது. d7 குதிரை e5-க்கு வந்தது. பிறகு d சிப்பாய் d5-க்கு முன்னேறி e4-ஐ அழுத்தியது.

இருபத்தொன்றாவது நகர்த்தலில் காஸ்பரோவ் e5 குதிரையால் d3-இல் நின்ற மந்திரியை வெட்டினார். வெள்ளை, c2 சிப்பாயால் திருப்பி வெட்டியது. இப்போது கறுப்பிடம் இரண்டு மந்திரிகள், வெள்ளையிடம் ஒன்றே ஒன்று. காஃப்மன் சொன்ன அந்த அரைச் சிப்பாய் கறுப்பின் கணக்கில் ஏறிவிட்டது. உடனே b சிப்பாயை b4-க்குத் தள்ளினார். c3 சிப்பாய் அதை வெட்டியதும் c நெடுவரிசையில் எந்தப் பக்கத்துச் சிப்பாயும் இல்லை. கறுப்பின் மிச்சமிருந்த யானை f8-இலிருந்து c8-க்கு வந்து அதைக் கைப்பற்றியது. இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்திப் பலகையைப் பார்ப்பேன். யானையைக் கொடுத்தவர் கறுப்பு. பலகையில் திறந்திருக்கும் ஒரே நெடுவரிசை அவருடைய யானையிடம் இருக்கிறது. இரண்டு யானை வைத்திருக்கும் வெள்ளைக்கு ஒன்றும் இல்லை.

ராஜா a1 மூலைக்கு ஓடினார். கறுப்பு d சிப்பாய் e4-ஐ வெட்டியது, f3 சிப்பாய் திருப்பி வெட்டி e4-இல் நின்றது. அடுத்து b7 மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் பாய்ந்து அந்த e4 சிப்பாயைத் தின்றது. பன்னிரண்டு நகர்த்தல்களுக்கு முன் கொடுத்த யானைக்கான சிப்பாய் இப்போது கைக்கு வந்துவிட்டது. அந்த மந்திரியை d3 சிப்பாயால் வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினால் d6-இல் உள்ள கறுப்பு மந்திரி e5-க்கு வந்து a1 ராஜாவுக்கு செக் சொல்லும். ராஜா b1-க்குப் போனால் ராணி c2-இல் இறங்கி மேட். பின்னால் c8 யானை காவல், a1-க்குத் திரும்ப முடியாமல் மந்திரி காவல். குறுக்கே எந்தக் காயை வைத்தாலும் மேட் அல்லது ராணி நஷ்டம். ஆகவே மோவ்செசியான் அதை வெட்டவில்லை. வெட்டாமல் விட்டதால் e4 மந்திரி நேராக h1 யானையையே தின்றது. கொடுத்த யானை திரும்பிவிட்டது. முப்பத்திரண்டாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இந்த ஆட்டத்தைத் தாக்குதல் வெற்றி என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். யானையைக் கொடுத்தபோது காஸ்பரோவ் மேட் வரை கணக்கிட்டுப் பார்த்திருக்கத் தேவையில்லை. கெட்டுப்போன சிப்பாய்கள், திறந்துகிடக்கும் ராஜா, வேலையில்லாத வெள்ளை யானைகள், வேலை கிடைத்த கறுப்புக் குதிரைகள்: இந்த நான்கும் நீடிக்கும் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். நீடிக்கும் என்பதுதான் இங்கே உயிரான சொல். இரண்டே நகர்த்தல்களில் எதிராளி சரிசெய்துவிடக்கூடிய சங்கடத்துக்காக யானையைக் கொடுக்கக் கூடாது.

இனி இதே தியாகத்தின் வேறொரு முகம். தாக்குவதற்காக அல்ல, தப்பிப்பதற்காக யானையைக் கொடுப்பது. இதில் டிக்ரான் பெட்ரோசியானுக்கு இணை யாரும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர். 1953-இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய அவருடைய ஆட்டம் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு d4, e5 ஆகிய இரண்டு சிப்பாய்கள் நடுவில் ஓங்கி நின்றன. பின்னால் இரண்டு யானைகளும் e நெடுவரிசையில். e சிப்பாய் இன்னொரு கட்டம் முன்னேறி e6-க்கு வந்தால் கறுப்பின் நிலை நொறுங்கிவிடும். தடுக்க ஒரே நல்ல வழி, c6-இல் உள்ள கறுப்புக் குதிரையை e7 வழியாக d5-க்குக் கொண்டுவருவது. d5-இல் அந்தக் குதிரையை விரட்ட வெள்ளையிடம் சிப்பாயே இல்லை, ஏனென்றால் e சிப்பாய் தாண்டிப் போய்விட்டது, c சிப்பாயை c4-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் அடைத்துவிட்டது. ஆனால் e7-இல் கறுப்பின் சொந்த யானையே வழியை மறித்து நின்றது. யானையை ஒதுக்கினால் e6 முன்னேற்றம் வந்துவிடும்.

பெட்ரோசியான் இருபத்தைந்தாவது நகர்த்தலில் அந்த யானையை e6 கட்டத்துக்கே கொண்டுபோய் வைத்தார். g4-இல் உள்ள வெள்ளை மந்திரியின் வாயில். யானை அங்கே நிற்பதால் வெள்ளைச் சிப்பாய் நகர முடியாது. e7 காலியானதால் குதிரைக்கு வழி கிடைத்தது. இரண்டு பிரச்சினைக்கும் ஒரே நகர்த்தலில் தீர்வு. விலை, ஒரு யானைக்கு ஒரு மந்திரி. கூட ஒரு சிப்பாய்கூட இல்லை.

ரெஷெவ்ஸ்கி வெட்டினார். கறுப்பு f சிப்பாயால் திருப்பி வெட்டி e6-இல் நிறுத்தியது. குதிரை d5-க்கு வந்து உட்கார்ந்தது. கறுப்பு மந்திரி d3-க்கு வந்து, வெள்ளையின் நெஞ்சில் ஆணியாக நின்றது. f நெடுவரிசை ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதன் வாசலான f1-ஐ மந்திரி பார்த்துக்கொண்டது, f4-ஐயும் f6-ஐயும் குதிரை பார்த்துக்கொண்டது. வெள்ளையின் b2 மந்திரியோ தன் c3, d4 சிப்பாய்களுக்குப் பின்னால் சிறைப்பட்டிருந்தது. வெள்ளையிடம் இரண்டு யானைகள் இருந்தும் போக இடமில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு மிகப் பொருத்தமான செய்தி. முப்பதாவது நகர்த்தலில் ரெஷெவ்ஸ்கியே தன் யானையைக் கொடுத்து d3 மந்திரியை வெட்டினார். கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டியது, அந்தச் சிப்பாயை வெள்ளை ராணி எடுத்துக்கொண்டது. அதாவது ஒரு யானைக்கு ஒரு மந்திரியும் ஒரு சிப்பாயும். அந்த நிலையில் தன் யானையைவிட எதிராளியின் மந்திரி பெரியது என்று உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் தீர்ப்பளித்துவிட்டார். கணக்குப்படி வெள்ளைக்கு இப்போது ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் d5 குதிரை அசையவில்லை. கறுப்பு தன் b சிப்பாயை b2 வரை கொண்டுபோனது. நாற்பத்தோராவது நகர்த்தலில் இருவரும் டிராவுக்குச் சம்மதித்தனர்.

வாங்கிய பக்கத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. யாராவது உங்களுக்கு யானையைக் கொடுத்தால், அதைக் கடைசி வரை பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தருணம் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது பல நேரங்களில் மிகச் சிறந்த பதில். ஆகவே தியாகம் செய்யுமுன், எதிராளி யானையைத் திருப்பிக் கொடுத்து என் முக்கியக் காயை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். சிசிலியனில் அந்த முக்கியக் காய் பெரும்பாலும் e4-இல் நிற்கும் குதிரை அல்லது நீண்ட மூலைவிட்டத்து மந்திரி.

எப்போது இது கெடுதலாக முடியும்? அதே c3 தியாகத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை ராஜா இந்த முறை g1-இல், மறுபக்கம் பத்திரமாக இருக்கிறார். f3 சிப்பாய் e4-ஐக் காக்கிறது. ராணிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டன. இப்போது கறுப்பு யானை c3 குதிரையை வெட்டினால், b சிப்பாய் திருப்பி வெட்டும்போது b நெடுவரிசை வெள்ளைக்குத் திறக்கிறது. திறந்துவிட்டவர் கறுப்பேதான். வெள்ளை யானை b1-க்கு வந்து b7 சிப்பாயைப் பிடிக்கும். தேவைப்பட்டால் a சிப்பாயை முன்தள்ளி இன்னொரு வரிசையும் திறக்கும். கெட்டுப்போன c சிப்பாய்களைத் தாக்க ராணி இல்லை. ராஜாவின் கூரையும் பிய்யவில்லை. கையில் சிப்பாயும் வரவில்லை. இப்படித் தியாகம் செய்தவர்கள் இருபது நகர்த்தல் கழித்து, தன் இரண்டாவது வரிசையில் எதிராளியின் யானை புகுந்து சிப்பாய்களைப் பெருக்கித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தவறு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு முதல் அறிகுறி, எதிராளி ராணிகளை வெட்டிக்கொள்ள அழைப்பதும் நீங்கள் மறுக்க முடியாமல் போவதும். தியாகம் செய்தவருக்குப் பலகையில் காய்கள் நிறைய இருக்க வேண்டும். ராணியும் இருக்க வேண்டும். தனக்கென்று ஒரு யானையாவது மிஞ்சியிருக்க வேண்டும். காரணம் எளிது. திறந்த நெடுவரிசை ஒன்றுதான் இருந்தால் அதில் எதிராளியின் இரண்டாவது யானைக்குப் பெரிய வேலை இல்லை. உங்கள் ஒரு யானையே அங்கே அவருக்கு எதிராக நின்றுவிடும். உங்கள் கடைசி யானையும் வெட்டுப்பட்டுவிட்டால் அவருடைய மிச்ச யானையை எதிர்க்க ஆளே இல்லை. ஒரு நெடுவரிசையில் யானைக்கு யானை வெட்டிக்கொள்ள அவர் வந்தால், கூடியவரை தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது அறிகுறி, உங்கள் குதிரைக்கோ மந்திரிக்கோ நிலையான கட்டம் இல்லாமல் போவது. நல்ல கட்டம் என்றால் எதிராளியின் சிப்பாய் விரட்ட முடியாத கட்டம், உங்கள் சிப்பாய் ஒன்று காக்கும் கட்டம். பெட்ரோசியானின் d5 அப்படிப்பட்டது. e4-இல் போய் நின்ற உங்கள் குதிரையை அடுத்த நகர்த்தலிலேயே சிப்பாய் விரட்டுமானால், அது இருப்பிடம் அல்ல. வழியில் ஒதுங்கிய நிழல்தான்.

பயந்தவர்களுக்கு ஒரு ஆறுதலும் உண்டு. எல்லாச் சிப்பாய்களும் பலகையை விட்டுப் போய், ஒருபக்கம் ராஜாவும் யானையும், மறுபக்கம் ராஜாவும் மந்திரியும் மட்டும் மிஞ்சினால் அது பொதுவாக டிராதான். மந்திரி வைத்திருப்பவர் தன் ராஜாவை, மந்திரி ஓடும் நிறத்துக்கு எதிர் நிறமுள்ள மூலையில் நிறுத்திக்கொண்டால் போதும். குதிரை வைத்திருப்பவரும், குதிரையை ராஜாவை விட்டுப் பிரியாமல் வைத்துக்கொண்டால் பொதுவாகத் தப்பிவிடலாம். ஆகவே யானையைக் கொடுத்து ஒரு சிப்பாயும் எடுத்தவர், தாக்குதல் பலிக்காவிட்டால் மிச்சச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக வெட்டிக் குறைத்துக்கொண்டே போகலாம். எதிராளிக்கோ சிப்பாய்கள் தேவை, அவற்றைக் காக்க வேண்டும், முன்னேற்ற வேண்டும்.

அடுத்த முறை உங்கள் யானை எதிராளியின் c3 குதிரையைப் பார்த்து நிற்கும்போது புள்ளிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்காதீர்கள். e4 சிப்பாய் கைக்கு வருமா, அவருடைய ராஜா எந்தப் பக்கம், ராணிகள் பலகையில் இருக்குமா, அவருடைய யானைகளுக்குத் திறந்த வரிசை உண்டா என்று பாருங்கள். நான்கில் மூன்று உங்கள் பக்கம் இருந்தால் வெட்டிவிடுங்கள்.